ஜிஎஸ்டி நோட்டீஸில் வட்டியும் அபராதமும் சரியாகப் போட்டிருக்கிறார்களா? நீங்களே கணக்குப் போட்டுப் பார்ப்பது எப்படி

ஜிஎஸ்டி டிமாண்ட் நோட்டீஸ் வந்ததும் பெரும்பாலானவர்கள் கடைசி கட்டத்தில் இருக்கும் மொத்தத் தொகையைப் பார்த்துவிட்டு நேராக ஆடிட்டருக்கு போன் போடுகிறார்கள். அவரும் 'அந்த வரியைக் கட்டணுமா வேண்டாமா' என்ற கேள்விக்குள் போய்விடுவார், அதுதான் பெரிய தொகை, அதில்தான் வாதம் இருக்கிறது. நடுவில் இருக்கும் வட்டி, அபராதம் இரண்டு கட்டங்களையும் யாரும் தொட்டுப் பார்ப்பதில்லை. வரி சரிதான் என்று நீங்களே ஒப்புக்கொள்ளும் நோட்டீஸில்கூட இந்த இரண்டு கட்டங்களில் மட்டும் லட்சக்கணக்கில் அதிகமாகப் போட்டிருக்க வாய்ப்பு உண்டு. இதைச் சரிபார்க்க சட்டப் படிப்பு தேவையில்லை. எந்தப் பிரிவைச் சொல்லியிருக்கிறார்கள், அந்தப் பிரிவு என்ன விகிதம் சொல்கிறது, எந்தத் தேதியிலிருந்து எந்தத் தேதி வரை என்ற மூன்றையும் கையில் வைத்துக்கொண்டு உட்கார்ந்தால் ஒரு மாலையில் முடியும் வேலை.

வரி கட்ட வேண்டியதா இல்லையா என்ற வாதத்துக்குள் இங்கே போகவில்லை. வரித் தொகை சரி என்றே வைத்துக்கொண்டு, அதன் மேல் ஏற்றியிருக்கும் வட்டியும் அபராதமும் சொல்லப்பட்ட பிரிவோடு ஒத்துப்போகிறதா என்பது மட்டும்தான் விஷயம்.

முதலில் எந்தக் காகிதம் என்று பாருங்கள்

போர்ட்டலில் நுழைந்து `Services > User Services > View Additional Notices/Orders` போனால் வந்திருப்பது எல்லாம் இருக்கும். டிஆர்சி-01ஏ என்றால் நோட்டீஸுக்கு முந்தைய தகவல் கடிதம். டிஆர்சி-01 என்றால் விளக்கம் கேட்கும் நோட்டீஸின் சுருக்கம். டிஆர்சி-07 என்றால் உத்தரவே போட்டுவிட்டார்கள், அதன் சுருக்கம். எந்தக் கட்டத்தில் இருக்கிறீர்கள் என்பதைப் பொறுத்து அபராதமே மாறும் என்பதால் இதை முதலில் தெளிவாக்கிக்கொள்ள வேண்டும்.

டிஆர்சி-01, டிஆர்சி-07 இரண்டிலும் கீழே ஒரு அட்டவணை வரும். எந்த வரிக் காலம், எந்தச் சட்டம் (சிஜிஎஸ்டி, எஸ்ஜிஎஸ்டி, ஐஜிஎஸ்டி), அப்புறம் வரி, வட்டி, அபராதம், கட்டணம், மற்றவை, மொத்தம். இந்த அட்டவணையை மட்டும் வைத்துக்கொண்டு எதையும் சரிபார்க்க முடியாது, ஏனென்றால் கணக்குப் போட்ட விதம் அதில் இருக்காது. கூடவே இணைப்பாக ஒரு பிடிஎஃப் இருக்கும், அதில்தான் எந்தக் குறைக்கு எவ்வளவு, எந்தப் பிரிவின் கீழ் என்று எழுதியிருப்பார்கள். இரண்டையும் பிரிண்ட் எடுத்துப் பக்கத்தில் பக்கத்தில் வையுங்கள். அட்டவணைத் தொகையும் பிடிஎஃப்பில் உள்ள தொகையும் ஒன்றுதானா என்பதே முதல் சோதனை. சில சமயம் அங்கேயே வித்தியாசம் தெரிந்துவிடும்.

வழக்குப் பிரிவைப் பிடியுங்கள்: 73, 74, 74ஏ

2023-24 நிதியாண்டு வரைக்கும் உள்ள குறைகளுக்கு இரண்டு பிரிவுகள். மோசடி எதுவும் இல்லாமல் வரி குறைந்திருந்தால் பிரிவு 73. மோசடி, வேண்டுமென்றே தவறான தகவல், உண்மையை மறைத்தல் இவற்றில் ஏதாவது ஒன்று இருந்தால் பிரிவு 74. 2024-25 நிதியாண்டிலிருந்து இரண்டுக்கும் சேர்த்து ஒரே பிரிவு, 74ஏ. ஆகவே 2024-25க்கான குறைக்கு பிரிவு 73 என்று போட்டு நோட்டீஸ் வந்தால் அங்கேயே கேள்வி எழுப்ப வேண்டியதுதான்.

அபராதத்துக்கு இந்தப் பிரிவுகள் சொல்வது இதுதான். பிரிவு 73இல், உட்பிரிவு 9இன்படி, வரியில் 10 சதவீதம் அல்லது 10,000 ரூபாய், இரண்டில் எது அதிகமோ அது. பிரிவு 74இல் வரிக்குச் சமமான தொகை, அதாவது 100 சதவீதம். 74ஏ பிரிவிலும் இதே இரண்டு அளவுகள்தான், மோசடி இல்லையென்றால் 10 சதவீதம் அல்லது 10,000, மோசடி என்றால் வரிக்குச் சமம்.

இதை வைத்துச் செய்யும் சோதனை ரொம்ப எளிது. அபராதக் கட்டத்தை வரிக் கட்டத்தால் வகுத்துப் பாருங்கள். வரி ஒரு லட்சம் அல்லது அதற்கு மேல் என்றால், 0.10 வந்தால் 73, 1.00 வந்தால் 74. அதற்குக் கீழே என்றால் அந்த 10,000 குறைந்தபட்சத்தால் 73இலும் விகிதம் 0.10க்கு மேல் போகும். அப்படிப்பட்ட பெரிய தொகையில் நோட்டீஸின் தலைப்பில் 73 என்று இருந்து, வகுத்தால் 1.00 வந்தால், தொகையும் பிரிவும் ஒட்டவில்லை. தலைப்பில் 74 இருந்தால் இன்னொன்றையும் தேடுங்கள். பிடிஎஃப்பில் எங்கேயாவது நீங்கள் எதை மறைத்தீர்கள், எப்படி வேண்டுமென்றே செய்தீர்கள் என்று விவரமாக எழுதியிருக்கிறார்களா? 'உண்மையை மறைத்துள்ளீர்கள்' என்ற ஒற்றை வரியை மட்டும் போட்டுவிட்டு 100 சதவீதம் கேட்டால், அந்த அபராதத்துக்கான அடிப்படையையே உங்கள் பதிலில் கேட்கலாம். ரிட்டர்னில் நீங்களே காட்டியதை வைத்து அவர்கள் கண்டுபிடித்த குறை என்றால் 'மறைத்தேன்' என்பது எப்படி நிற்கும் என்பது நியாயமான கேள்வி. மேல்முறையீட்டில் மோசடி நிரூபணம் ஆகவில்லை என்று முடிவானால் அந்த நோட்டீஸை 73இன் கீழ் வந்ததாகவே எடுத்துக்கொண்டு கணக்கிட வேண்டும் என்று பிரிவு 75 சொல்கிறது, ஆக 100 சதவீதம் 10 சதவீதமாக இறங்கும்.

வட்டி: பிரிவு 50இன் எந்த உட்பிரிவு?

வட்டிக் கட்டத்தில்தான் அதிகமாகக் குளறுபடி நடக்கிறது. 'பிரிவு 50இன் கீழ் வட்டி' என்று பொதுவாக எழுதிவிடுவார்கள். ஆனால் அந்தப் பிரிவுக்குள் மூன்று தனித்தனி நிலைமைகள் இருக்கின்றன, மூன்றுக்கும் வட்டி ஓட ஆரம்பிக்கும் நாளும் வட்டி போடும் அசலும் வேறு வேறு. இவற்றின் கணக்கு முறையை விதி 88பி சொல்கிறது. இந்த விதி 2022 ஜூலையில் வந்தது, ஆனால் 1.7.2017 முதலே பொருந்தும்படி போட்டார்கள்.

முதல் நிலைமை, ரிட்டர்னைத் தாமதமாகத் தாக்கல் செய்தது. விற்பனையை அந்த மாத ரிட்டர்னிலேயே சரியாகக் காட்டினீர்கள், ஆனால் 3பி ரிட்டர்ன் தாமதம். இங்கே ரொக்க லெட்ஜரிலிருந்து கட்டிய தொகைக்கு மட்டும்தான் வட்டி. மொத்த வரி 2,00,000, அதில் 1,70,000 உள்ளீட்டு வரவில் (ஐடிசி என்று எல்லோரும் சொல்வது) கழிந்தது, ரொக்கமாகக் கட்டியது 30,000, தாமதம் 40 நாள் என்றால் வட்டி 592 ரூபாய். இதையே முழு 2,00,000க்கும் போட்டால் 3,945. முழுத் தொகைக்கும் வட்டி போட்டு நோட்டீஸ் வந்தால் பிரிவு 50(1)இன் வரம்பு வாசகத்தைக் காட்டி மறுக்கலாம். அந்த மாதத்துக்கு நோட்டீஸ் நடவடிக்கை தொடங்கிய பிறகு ரிட்டர்ன் போட்டிருந்தால் மட்டும் இந்தச் சலுகை கிடையாது.

இரண்டாவது நிலைமை, ரிட்டர்னில் காட்டாமலே விட்ட வரி அல்லது குறைவாகக் காட்டிய வரி. இதற்கு முழுத் தொகைக்கும் வட்டி உண்டு, ஆண்டுக்கு 18 சதவீதம். வரி கட்ட வேண்டிய கடைசி நாளுக்கு மறுநாளிலிருந்து வட்டி ஓடும். இதில் 'மறுநாள்' என்பதைக் கவனியுங்கள். மாதம் முடிந்த மறுநாள் இல்லை, கெடு முடிந்த மறுநாள். மாதாந்திர ரிட்டர்ன் என்றால் பொதுவாக அடுத்த மாதம் 20ஆம் தேதி கெடு, ஆக 21இலிருந்து. காலாண்டு ரிட்டர்ன் போடுபவர்களுக்கு தமிழ்நாட்டில் 22ஆம் தேதி. சில மாதங்களுக்குக் கெடுவை நீட்டியும் இருக்கிறார்கள், உதாரணமாக 2022 ஏப்ரல் மாதத்துக்கான 3பி கெடு மே 24 வரை போனது. கொரோனா காலத்தில், 2020லும் 2021லும், சில மாதங்களுக்கு விற்றுமுதலைப் பொறுத்து வட்டியே இல்லாமலும் 9 சதவீதமாகவும் சலுகை கொடுத்திருந்தார்கள். அந்த மாதங்கள் உங்கள் நோட்டீஸில் இருந்து 18 சதவீதம் நேராகப் போட்டிருந்தால் அந்த அறிவிப்புகளை எடுத்துப் பாருங்கள்.

மூன்றாவது, எடுக்கக் கூடாத உள்ளீட்டு வரவை எடுத்தது. பணம் அதிகமாக மாட்டிக்கொள்வது இதில்தான், அதனால் கொஞ்சம் நின்று பார்ப்போம். பிரிவு 50(3)இன்படி, தவறாக எடுத்து, பயன்படுத்தியும் இருந்தால்தான் வட்டி. எடுத்து லெட்ஜரில் சும்மா வைத்திருந்தால் வட்டி கிடையாது. விகிதம் 18 சதவீதம். முன்பு இதற்கு 24 சதவீதம் இருந்தது, ஆனால் 2022 நிதிச் சட்டத்தின் வழியாக 1.7.2017 முதலே 18 ஆக்கிவிட்டார்கள். பழைய மாதிரிப் படிவத்தை எடுத்து நிரப்பிய நோட்டீஸ்களில் இந்த 24 இன்னும் எட்டிப் பார்க்கும்.

பயன்படுத்தியதை எப்படிக் கண்டுபிடிப்பது? விதி 88பி சொல்லும் முறை இது. உங்கள் வரவு லெட்ஜரின் இருப்பு, தவறாக எடுத்த தொகைக்குக் கீழே எப்போது இறங்குகிறதோ அப்போது பயன்படுத்தியதாக அர்த்தம், எவ்வளவு கீழே இறங்கியதோ அவ்வளவுதான் பயன்படுத்திய தொகை. ரிட்டர்ன் வழியாக இறங்கியிருந்தால், ரிட்டர்ன் கெடு நாள், ரிட்டர்ன் போட்ட நாள் இவற்றில் எது முந்தியதோ அதுதான் பயன்படுத்திய நாள். ரிட்டர்ன் அல்லாத வேறு வகையில் லெட்ஜரில் பற்று வைத்திருந்தால் அந்தப் பற்று வைத்த நாள். அங்கிருந்து, திருப்பிக் கொடுக்கும் நாள் வரை வட்டி. வரவு எடுத்த மாதத்திலிருந்தே வட்டி போட்டிருந்தால் பெரும்பாலும் அது தப்பு.

இருப்பைப் பார்க்க `Services > Ledgers > Electronic Credit Ledger` போய், வரவு எடுத்த நாளிலிருந்து இன்று வரை தேதி கொடுத்து டவுன்லோட் செய்துகொள்ளுங்கள். சிக்கல் ஐஜிஎஸ்டி வரவாக இருந்தால் ஐஜிஎஸ்டி இருப்பை மட்டும் பார்த்தால் போதாது. ஐஜிஎஸ்டி, சிஜிஎஸ்டி, எஸ்ஜிஎஸ்டி மூன்றின் இருப்பையும் சேர்த்துத்தான் பார்க்க வேண்டும் என்று 2023 ஜூலையில் சுற்றறிக்கை 192 தெளிவாக்கியது. இது வியாபாரிக்குச் சாதகமான விஷயம், ஏனென்றால் மூன்றையும் கூட்டினால் இருப்பு கீழே இறங்காமல் இருக்க வாய்ப்பு அதிகம்.

ஒரு நோட்டீஸை எடுத்துக் கணக்குப் போடுவோம்

ஒரு ஹார்டுவேர் கடை, மாதாந்திர ரிட்டர்ன், கொள்முதல் எல்லாம் தமிழ்நாட்டுக்குள்ளேயே, அதனால் ஐஜிஎஸ்டி இருப்பே இல்லை என்று வைத்துக்கொள்வோம். 15.10.2025 தேதியிட்டு டிஆர்சி-01 வருகிறது, பிரிவு 73இன் கீழ், 2022-23 நிதியாண்டுக்கு. குறைகள் இரண்டு. ஒன்று, 2022 ஜூனில் 18 சதவீதம் போட வேண்டிய சரக்கை 12 சதவீதத்தில் விற்றதால் சிஜிஎஸ்டி 40,000, எஸ்ஜிஎஸ்டி 40,000 குறைவு. இரண்டு, 2022 நவம்பர் ரிட்டர்னில், கடையை விரிவாக்கிக் கட்டிய காண்ட்ராக்டர் பில்லுக்கு எடுத்த வரவு, சிஜிஎஸ்டி 60,000, எஸ்ஜிஎஸ்டி 60,000. கட்டடம் கட்டியதற்கு வரவு எடுக்கக் கூடாது என்று பிரிவு 17(5) சொல்வதால் கடைக்காரர் இரண்டையும் ஒப்புக்கொள்கிறார். அட்டவணையில் சிஜிஎஸ்டி வரிசைகள் இப்படி இருக்கின்றன, எஸ்ஜிஎஸ்டிக்கும் இதே எண்கள்தான்.

| குறை | வரி | வட்டி | அபராதம் |
|---|---|---|---|
| விகித வித்தியாசம் | 40,000 | 23,730 | 10,000 |
| கட்டட வரவு | 60,000 | 40,636 | 10,000 |
| பொது அபராதம், பிரிவு 125 | – | – | 25,000 |

சிஜிஎஸ்டிக்கு 2,09,366, எஸ்ஜிஎஸ்டியும் சேர்த்தால் 4,18,732 ரூபாய்.

முதல் வரிசையின் வட்டியை எடுப்போம். ஜூன் மாதத்துக்குக் கெடு 20.7.2022. எக்செல்லில் பி2இல் வரி, சி2இல் நோட்டீஸ் தேதி, டி2இல் கெடு தேதி போட்டு இந்தச் சூத்திரத்தை அடியுங்கள்:

```
=ROUND(B2*18/100*(C2-D2)/365,0)
```

1,183 நாள், வட்டி 23,336. நோட்டீஸில் இருப்பது 23,730, வித்தியாசம் 394 ரூபாய். இந்த 394 எங்கிருந்து வந்தது என்று கண்டுபிடிக்க ஒரு வழி இருக்கிறது. ஒரு நாள் வட்டி என்ன என்று பாருங்கள்: 40,000க்கு ஆண்டு வட்டி 7,200, அதை 365ஆல் வகுத்தால் 19 ரூபாய் 73 காசு. 394ஐ இதனால் வகுத்தால் 20 நாள். அதாவது கெடு முடிந்த ஜூலை 21இலிருந்து எண்ணாமல் மாதம் முடிந்த ஜூலை 1இலிருந்து எண்ணியிருக்கிறார்கள். இப்படி வித்தியாசத்தை நாளாக மாற்றிப் பார்ப்பது நல்ல பழக்கம், ஏனென்றால் 'தொகை தப்பு' என்று மட்டும் எழுதுவதைவிட 'கெடுவுக்கு முந்தைய 20 நாளுக்கும் வட்டி போட்டிருக்கிறீர்கள்' என்று எழுதினால் அதிகாரி உடனே திறந்து பார்த்துத் திருத்திவிடுவார்.

இரண்டாவது வரிசை. 60,000க்கு 40,636 எப்படி வரும் என்று திருப்பிப் போட்டுப் பார்த்தால், 21.12.2022இலிருந்து 1,030 நாளுக்கு 24 சதவீதம் போட்டால் சரியாக அந்த எண் வருகிறது. ஆக இங்கே இரண்டு தப்பு: விகிதம் 24, தொடங்கிய நாள் வரவு எடுத்த ரிட்டர்னின் கெடு.

இப்போது லெட்ஜரைப் பார்க்கிறோம். வரவு எடுத்த பிறகு சிஜிஎஸ்டி இருப்பு 2,10,000. அப்புறம் மாதா மாதம் குறைந்துகொண்டே வருகிறது, ஆனால் 60,000க்குக் கீழே போகவில்லை. 2023 ஏப்ரல் மாத ரிட்டர்னை 18.5.2023 அன்று போட்டபோது முதல் தடவையாக 45,000க்கு இறங்குகிறது. 60,000இலிருந்து 15,000 கீழே, ஆக அன்றைக்குப் பயன்படுத்தியது 15,000. கெடு மே 20, போட்டது மே 18, முந்தியது 18. மே மாத ரிட்டர்னில் இருப்பு அப்படியே நின்றது. ஜூன் மாத ரிட்டர்னை 19.7.2023 அன்று போட்டபோது இருப்பு பூஜ்யம், ஆக மிச்ச 45,000மும் அன்றைக்குப் பயன்படுத்தியாயிற்று. எஸ்ஜிஎஸ்டி லெட்ஜரும் இதே மாதிரிதான் ஓடியிருக்கிறது என்று வைத்துக்கொள்வோம். உங்கள் விஷயத்தில் இரண்டையும் தனித்தனியாகப் பாருங்கள், ஒன்றுபோல இருக்க வேண்டிய கட்டாயம் இல்லை.

15,000க்கு 18.5.2023இலிருந்து நோட்டீஸ் தேதி வரை 882 நாள், வட்டி 6,524. 45,000க்கு 19.7.2023இலிருந்து 820 நாள், வட்டி 18,197. மொத்தம் 24,721. இங்கே பயன்படுத்திய நாளையும் சேர்த்து எண்ணுவதால் மேலே உள்ள சூத்திரத்தில் நாள் கழித்தலோடு 1 கூட்டிக்கொள்ளுங்கள். அந்த ஒரு நாள் வித்தியாசத்துக்காக யாரோடும் மல்லுக்கட்ட வேண்டாம், பத்து இருபது ரூபாய் விஷயம். ஆனால் 40,636க்கும் 24,721க்கும் இடையில் இருக்கும் 15,915 ரூபாயை விடக் கூடாது, இரண்டு சட்டத்துக்கும் சேர்த்து அது 31,830.

அபராதம். பிரிவு 73(9) பேசுவது அந்த நபரிடமிருந்து வர வேண்டிய வரியில் 10 சதவீதம் அல்லது 10,000. சிஜிஎஸ்டி வரி மொத்தம் 1,00,000, அதில் 10 சதவீதம் 10,000. நோட்டீஸில் ஒவ்வொரு குறையையும் தனித்தனி வழக்குபோல எடுத்து, முதலாவதுக்கு 4,000 வர வேண்டியதைக் குறைந்தபட்சம் என்று 10,000 ஆக்கி, இரண்டாவதுக்கு 6,000 வர வேண்டியதையும் 10,000 ஆக்கி, மொத்தம் 20,000 போட்டிருக்கிறார்கள். ஒரே நோட்டீஸில் பத்து சின்னக் குறைகள் இருந்தால் இதே முறையில் ஒரு லட்சம் ஆகிவிடும், வரி முழுவதுமே ஐயாயிரம் ரூபாயாக இருந்தாலும். வரியைக் கூட்டிய பிறகுதான் 10 சதவீதமா 10,000மா என்ற ஒப்பீடு வர வேண்டும் என்று பதிலில் எழுதுங்கள்.

எஸ்ஜிஎஸ்டிக்கு மாநிலச் சட்டத்தின் கீழ் தனியாக 10,000 வரும், அது சரிதான். ஆகவே சிஜிஎஸ்டி, எஸ்ஜிஎஸ்டி சேர்த்தால் குறைந்தபட்சம் 20,000. ஐஜிஎஸ்டி வரிசையில் குறைந்தபட்சம் 20,000 என்று பார்த்தாலும் பதற வேண்டாம், இரண்டு சட்டத்தின் அபராதத்தையும் கூட்டிப் போட வேண்டும் என்று ஐஜிஎஸ்டி சட்டத்தின் பிரிவு 20 சொல்கிறது.

பிறகு அந்த 25,000. பிரிவு 125 என்பது வேறு எந்தப் பிரிவிலும் தனி அபராதம் சொல்லப்படாத மீறல்களுக்கானது, அதுவும் 25,000 'வரை' என்றுதான் சொல்கிறது. பிரிவு 73இலோ 74இலோ அபராதம் போட்ட பிறகு அதே செயலுக்கு அதே நபர் மேல் வேறு பிரிவில் அபராதம் போடக் கூடாது என்று பிரிவு 75(13) வெளிப்படையாகச் சொல்கிறது. இந்த நோட்டீஸில் 125க்கு என்று தனிக் குறை எதுவும் காட்டவில்லை, அதே இரண்டு குறைகளுக்குத்தான் இதுவும். ஆக முழுதாகப் போக வேண்டிய தொகை. பிரிவு 122இல் அபராதம் சேர்த்திருந்தாலும் இதே கேள்வியைக் கேளுங்கள்: எந்தச் செயலுக்கு? 73க்குக் காட்டிய அதே செயலுக்கா?

எல்லாம் திருத்திய பிறகு சிஜிஎஸ்டியில் வரி 1,00,000, வட்டி 48,057, அபராதம் 10,000. இரண்டு சட்டத்துக்கும் சேர்த்து 3,16,114. நோட்டீஸ் கேட்டது 4,18,732. வரியில் ஒரு ரூபாய்கூட மறுக்காமலே 1,02,618 ரூபாய் வித்தியாசம்.

இன்னும் குறையும், கெடுவுக்குள் கட்டினால்

பிரிவு 73 நோட்டீஸ் வந்து 30 நாளுக்குள் வரியையும் வட்டியையும் கட்டிவிட்டால் அபராதமே கிடையாது, உட்பிரிவு 8. அதாவது நம்ம ஹார்டுவேர் கடைக்காரர் நவம்பர் நடுவுக்குள் டிஆர்சி-03 என்ற பணம் கட்டும் படிவம் வழியாக வரியையும், கட்டும் நாள் வரைக்குமான வட்டியையும் கட்டினால் அந்த 20,000மும் மிச்சம். கட்டும் நாள் வரை வட்டியை மறுபடி கணக்குப் போட வேண்டும் என்பதை மறக்காதீர்கள், நோட்டீஸ் தேதியோடு நிறுத்தினால் சில நூறிலிருந்து மூவாயிரம் ரூபாய் வரை குறைந்து, வட்டி முழுசாகக் கட்டவில்லை என்று சலுகையையே மறுக்க இடம் கொடுத்துவிடுவீர்கள்.

இதில் ஒரு பிடி இருக்கிறது. ரிட்டர்னில் நீங்களே கணக்கிட்டுக் காட்டிய வரியையோ, வாடிக்கையாளரிடம் வரி என்று வசூலித்த தொகையையோ கெடு முடிந்து 30 நாளுக்குள் கட்டாமல் விட்டிருந்தால், பின்னால் எப்போது கட்டினாலும் அபராதம் உண்டு என்று பிரிவு 73(11) சொல்கிறது. ஜிஎஸ்டிஆர்-1இல் காட்டிவிட்டு 3பியில் விட்ட விற்பனையை இதற்குள் கொண்டுவருவார்கள், ஏனென்றால் நீங்களே கணக்கிட்ட வரி என்பதில் ஜிஎஸ்டிஆர்-1இல் காட்டியதும் அடங்கும் என்று பிரிவு 75இல் விளக்கம் சேர்த்திருக்கிறார்கள். நம் உதாரணத்தில் 6 சதவீத வித்தியாசத்தை அவர் எங்கேயும் காட்டவும் இல்லை, வசூலிக்கவும் இல்லை, அதனால் 73(11) பொருந்தாது.

பிரிவு 74 என்றால் எப்போது கட்டுகிறீர்கள் என்பதைப் பொறுத்து அபராதம் ஏறிக்கொண்டே போகும்: நோட்டீஸுக்கு முன்பே என்றால் 15 சதவீதம், நோட்டீஸிலிருந்து 30 நாளுக்குள் 25, உத்தரவு கிடைத்து 30 நாளுக்குள் 50, அதற்கு மேல் 100. 74ஏ பிரிவில் சதவீதங்கள் இவையேதான், ஆனால் 30 நாள் 60 நாளாகியிருக்கிறது. 74ஏ நோட்டீஸில் பழக்கத்தில் 30 நாள் என்று அச்சாகியிருந்தால் சட்டத்தில் இருக்கும் 60 நாளைச் சுட்டிக்காட்டுங்கள்.

கண்டுபிடித்ததை எப்படிச் சொல்வது

நோட்டீஸ் கட்டத்தில் பதில் டிஆர்சி-06இல் போகும். கதை எழுத வேண்டாம். ஒவ்வொரு வரிசைக்கும் நோட்டீஸ் தொகை, சொல்லப்பட்ட பிரிவு, பிரிவின்படி வரும் தொகை, வித்தியாசம், காரணம் என்று ஒரே பக்கத்தில் ஒரு பட்டியல் போடுங்கள். வரவு லெட்ஜரில் இருப்பு இறங்கிய அந்த இரண்டு தேதிகளையும் வட்டமிட்டு இணையுங்கள். நேரில் விசாரணை வேண்டும் என்று கட்டத்தில் டிக் செய்துவிடுங்கள். வட்டிக் கட்டத்தில் பூஜ்யம் போட்டு 'பொருந்தும் வட்டி' என்று மட்டும் எழுதியிருந்தால், அப்பாடா என்று விட்டுவிடாதீர்கள், உத்தரவில் சொல்லாவிட்டாலும் வட்டி உண்டு என்று பிரிவு 75(9) இருக்கிறது. உங்கள் கணக்கை நீங்களே போட்டுக் கொடுங்கள், அவர்கள் 24 சதவீதத்தில் போடுவதற்கு முன்.

உத்தரவு வந்துவிட்டால் டிஆர்சி-07ஐ டிஆர்சி-01க்குப் பக்கத்தில் வைத்துக் கட்டம் கட்டமாக ஒப்பிடுங்கள். வரி, வட்டி, அபராதம் எதிலும் நோட்டீஸில் சொன்னதைவிட அதிகமாகவோ, நோட்டீஸில் சொல்லாத காரணத்துக்காகவோ உத்தரவில் கேட்கக் கூடாது என்று பிரிவு 75(7) இருக்கிறது. நோட்டீஸில் 10 சதவீதம் கேட்டுவிட்டு உத்தரவில் 100 சதவீதம் போடுவது, நோட்டீஸில் இல்லாத 125ஐ உத்தரவில் நுழைப்பது இரண்டும் இதில் அடிபடும்.

24 சதவீதம் போட்டது, கூட்டல் தப்பு போன்ற, காகிதத்தைப் பார்த்தாலே தெரியும் பிழைகளுக்கு உத்தரவு வந்து மூன்று மாதத்துக்குள் பிரிவு 161இன் கீழ் திருத்தம் கேட்கலாம், திருத்தினால் டிஆர்சி-08 வரும். வாதம் செய்து நிறுவ வேண்டிய விஷயங்களுக்கு, 74 பொருந்துமா மாதிரி, மேல்முறையீடுதான். அதற்கும் மூன்று மாதம்தான், மேலே ஒரு மாதம் காரணம் காட்டி வாங்கலாம். திருத்த மனு போட்டுவிட்டோமே என்று பதிலுக்குக் காத்திருந்து மேல்முறையீட்டு நாளைக் கடத்திவிடாதீர்கள், இரண்டு கடிகாரமும் ஒரே நேரத்தில் ஓடுகின்றன. வரியும் சேர்த்துக் கேட்கும் உத்தரவு என்றால், மேல்முறையீட்டுக்கு முன்கூட்டிக் கட்டும் 10 சதவீதம் தகராறில் உள்ள வரியின் மேல்தான், வட்டி அபராதத்தின் மேல் இல்லை. வரியை முழுக்க ஒப்புக்கொண்டு கட்டிவிட்டு வட்டி, அபராதத்தை மட்டும் எதிர்ப்பவருக்கு அந்த 10 சதவீதக் கணக்கில் வரி எதுவும் மிச்சம் இருக்காது. ஆனால் நீங்கள் ஒப்புக்கொள்ளும் வட்டியையும் அபராதத்தையும் மட்டும் முழுதாகக் கட்டியிருக்க வேண்டும், ஆகவே மேலே போட்ட அந்த 48,057 மாதிரியான எண்ணை மனு போடுவதற்கு முன்பே கையில் வைத்திருங்கள்.